எத்தனை முறை மடித்தாய்? ஒரு தாளைக் கொண்டு மடக்கையை அறிதல்

என் வீட்டு மாடியில் மாலை நேரத்தில் நடக்கும் டியூஷன் வகுப்புக்குப் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி வருகிறாள். அவள் பெயரைச் செல்வி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் அவளுடைய நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தபோது, log₂ 64 / log₂ 8 என்ற கணக்கில் மேலே இருந்த log₂ என்பதையும் கீழே இருந்த log₂ என்பதையும் அவள் சாய்கோடு இழுத்து அடித்துவிட்டு, மீதியாக நின்ற 64 / 8 என்பதற்கு 8 என்று விடை எழுதி, அதன் கீழே இரண்டு கோடும் போட்டிருந்ததைப் பார்த்தேன். சரியான விடை 2.

இந்தப் பிழையைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. பின்னத்தில் மேலும் கீழும் ஒரே காரணி இருந்தால் அடித்துவிடலாம் என்று ஏழாம் வகுப்பிலிருந்து நாம்தான் சொல்லிக்கொடுத்து வருகிறோம். அவள் அதைச் செவ்வனே செய்திருக்கிறாள். 5x / 5y என்பதில் 5 எப்படியோ, அப்படியே log என்பதும் பக்கத்து எண்ணோடு பெருக்கப்பட்டு நிற்கும் ஓர் எண் என்று அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. மடக்கை என்றால் என்ன என்று கேட்டேன். "aˣ = b எனில் logₐ b = x சார்" என்று தடையில்லாமல் ஒப்பித்தாள். வரையறை அவளிடம் இருந்தது. அந்த வரையறை எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்பதுதான் அவளிடம் இல்லை.

மேசையில் பழைய தேர்வு வினாத்தாள் ஒன்று கிடந்தது. சாதாரண A4 தாள். அதை அவள் கையில் கொடுத்து, சரிபாதியாக மடிக்கச் சொன்னேன். மேலே போவதற்கு முன் ஒரு சொல்லைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மடித்த தாளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பவற்றை நாம் அடுக்குகள் என்றுதான் சொல்வோம். ஆனால் கணக்குப் புத்தகத்தில் 2⁶ என்பதில் மேலே நிற்கும் 6-க்குத்தான் அடுக்கு என்று பெயர். இரண்டையும் ஒரே வகுப்பில் ஒரே சொல்லால் சொன்னால் நான் விளக்க வந்ததே குழம்பிவிடும் என்பதால், தாளின் அடுக்கை ஏடு என்றே சொல்லப்போகிறேன். பாலேடு என்று சொல்கிறோமே, அந்த ஏடு.

மடிக்காத தாளில் ஓர் ஏடு இருக்கிறது. ஒரு முறை மடித்தால் 2 ஏடு, இரண்டு முறை மடித்தால் 4, மூன்று முறைக்கு 8, நான்குக்கு 16, ஐந்துக்கு 32. ஆறாவது மடிப்பை அவள் மேசை விளிம்பில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி ஒருவழியாக முடித்தாள், 64 ஏடு. ஏழாவது மடிப்புக்குத் தாள் இணங்கவில்லை. தாளின் விளிம்பு புத்தக முதுகைப் போல உருண்டு நின்றது.

"ஆறு முறை மடித்தால் எத்தனை ஏடு?" என்று கேட்டேன். 64 என்றாள். அது 2⁶, அதாவது அடுக்குக் கணக்கு. பிறகு அந்தச் சிறிய கட்டியை அவளிடமிருந்து வாங்கி என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "நான் மடித்ததை நீ பார்க்கவில்லை என்று வைத்துக்கொள். இதில் 64 ஏடு இருக்கிறது என்பது மட்டும் உனக்குத் தெரியும். நான் எத்தனை முறை மடித்தேன்?" என்று கேட்டேன். அவள் மனத்துக்குள் தாளைப் பிரித்துக்கொண்டே போனாள்: 32, 16, 8, 4, 2, 1. விரலில் எண்ணி ஆறு என்றாள்.

அவ்வளவுதான் மடக்கை. log₂ 64 என்று எழுதினால் '64 ஏடு வருவதற்கு எத்தனை முறை பாதியாக மடிக்க வேண்டும்?' என்று கேட்கிறோம். 6 என்பது அந்தக் கேள்விக்கு விடை. கீழே சிறிதாக நிற்கும் 2, அதாவது அடிமானம், ஒவ்வொரு மடிப்பிலும் ஏடுகள் எத்தனை மடங்காகின்றன என்பதைச் சொல்கிறது. log என்பது தனியாக நிற்கும் எண் அன்று. அது ஒரு கேள்வியின் முற்பாதி. கேள்வியின் முற்பாதியை மட்டும் மேலும் கீழும் அடித்து நீக்குவதற்கு ஒன்றும் இல்லை. செல்வி சிறிது நேரம் தாளையே பார்த்திருந்துவிட்டு, "மடக்கை என்றால் மடக்கிய கணக்கா சார்?" என்று கேட்டாள். மடக்குக் கத்தி, மடக்கு நாற்காலி என்று நாள்தோறும் சொல்கிற வாய்க்கு அந்தச் சொல்லில் மடிப்பு கேட்கத்தான் செய்யும். பல ஆண்டுகளாக இந்தச் சொல்லை எழுதி வந்த எனக்கு அதுவரை கேட்டதில்லை.

இப்போது பழைய கணக்குக்குத் திரும்பினோம். log₂ 64 என்பது ஆறு மடிப்பு, log₂ 8 என்பது மூன்று மடிப்பு. 6 / 3 என்பது 2. ஆறு மடிப்பு மூன்று மடிப்பைப் போல எத்தனை பங்கு என்றுதான் அந்தக் கணக்கு கேட்கிறது. 64 ஏடு 8 ஏட்டைப் போல எத்தனை பங்கு என்று கேட்கவில்லை. பின்னதற்கு எத்தனை மடிப்பு என்று கேட்க வேண்டுமானால் log₂ (64 / 8) என்று அடைப்புக்குள் எழுதியிருக்க வேண்டும், அதற்கு விடை log₂ 8, அதாவது 3. ஒரே எண்களைக் கொண்டு எழுதிய இவ்விரண்டையும் மாணவர்கள் மாற்றிப் புரிந்துகொள்வதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கையில் தாள் இருக்கும்போது இந்தக் குழப்பம் வருவதில்லை, ஏனென்றால் எதை எண்ணுகிறோம், ஏட்டையா மடிப்பையா, என்பது கண்முன் இருக்கிறது.

தாள் இருந்தால் மடக்கை விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையும் பெரும்பாலும் போய்விடும். மூன்று முறை மடித்து 8 ஏடாக்கிய தாளை மேலும் நான்கு முறை மடிப்பதாகக் கொள்வோம். அந்த நான்கு மடிப்பும் இருப்பதை 16 மடங்காக்கும்; ஆகவே 8 × 16 = 128 ஏடு. மடிப்புகளோ மூன்றும் நான்கும் சேர்ந்து ஏழு. ஏடுகள் பெருகும்போது மடிப்புகள் கூடுகின்றன என்பதே log₂ (8 × 16) = log₂ 8 + log₂ 16 என்ற விதி. பிரிப்பது இதன் மறுபக்கம்: ஏழு முறை மடித்ததில் மூன்றைப் பிரித்துவிட்டால் ஏடுகள் 8-ஆல் வகுபடும், மடிப்பில் 3 கழியும். மூன்று மடிப்பை ஒரு தொகுதியாக வைத்து அத்தொகுதியை நான்கு முறை செய்தால் பன்னிரண்டு மடிப்பு; log₂ 8⁴ = 4 × 3 என்பது அதுதான்.

தேர்வில் அடிக்கடி வரும் இன்னொரு பிழையையும் அப்போதே சோதித்தோம். log₂ (8 + 8) என்பதை log₂ 8 + log₂ 8 என்று பிரித்து 6 என்று எழுதுவார்கள். 8 + 8 என்பது 16 ஏடு, அதற்கு நான்கு மடிப்பு போதும். ஆறு மடிப்பில் 64 ஏடு வந்துவிடும் என்பதைச் செல்வி சற்றுமுன்தான் கை வலிக்கச் செய்து பார்த்திருந்தாள்.

log₂ 1 ஏன் 0 என்பதற்கும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. மடிக்காத தாளில் ஓர் ஏடு இருக்கிறது, மடிப்பு ஒன்றும் இல்லை. log₂ 0 ஏன் கிடையாது என்பதை அவளே சொன்னாள்: எப்படி மடித்தாலும், எத்தனை முறை பிரித்தாலும், தாள் இல்லாமல் போகாது. 1/2 போன்ற எண்களுக்கு மடக்கை குறை எண்ணாக வருவதை மட்டும் சற்றுச் சுற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. நான்கு முறை மடித்த தாளின் கனத்தை நாம் 1 என்று குறித்துக்கொண்டால், அதை ஒரு முறை பிரித்ததும் கனம் 1/2 ஆகும்; பிரித்ததை −1 மடிப்பு என்று எழுதினால் log₂ (1/2) = −1.

இங்கே ஒரு விலகல். ஏழாவது மடிப்புக்குத் தாள் ஏன் மறுக்கிறது என்று செல்வி கேட்டாள். ஒவ்வொரு மடிப்பிலும் உள்ளே இருக்கும் ஏடுகளைச் சுற்றிக்கொண்டு வெளி ஏடு வளைய வேண்டியிருக்கிறது, அந்த வளைவே தாளின் நீளத்தைத் தின்றுவிடுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பள்ளி மாணவியாக இருந்த பிரிட்னி காலிவன் என்பவர் இதற்கு ஒரு சூத்திரம் கண்டு, 2002-ஆம் ஆண்டில் சுமார் 1,200 மீட்டர் நீளமுள்ள கழிவறைக் காகிதச் சுருளை ஒரே திசையில் பன்னிரண்டு முறை பாதியாக மடித்துக் காட்டினார். அந்தச் சூத்திரத்தில் 0.1 மில்லிமீட்டர் கனமுள்ள தாளை இட்டுப் பார்த்தால், ஒரே திசையில் ஆறு முறை மடிக்கக் குறைந்தது 22 சென்டிமீட்டரும், ஏழு முறை மடிக்க 88 சென்டிமீட்டரும் வேண்டும் என்று வருகிறது. A4 தாளின் நீளம் 29.7 சென்டிமீட்டர்தான். இனி வரும் மடிப்புகளை மனத்தால்தான் மடிக்க வேண்டும். கணக்குக்கு அது தடையில்லை.

இதுவரை முழு எண்கள் மட்டுமே வந்தன. மடக்கையில் மாணவர்கள் உண்மையில் தடுமாறும் இடம் இதற்கு அடுத்தது. மடக்கை அட்டவணையில் பார்க்கும் விடைகள் எல்லாம் 0.3010, 0.4771 என்று தசமமாக இருக்கின்றன. 0.3010 முறை எப்படி மடிப்பது? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் தாளை மடித்துக் காட்டி நிறுத்திக்கொண்டால், அது பாதி வழியில் இறக்கிவிட்டது போலத்தான்.

அதற்கு வேறுவகை மடிப்பு ஒன்றைக் கொண்டுவந்தேன். தாளைப் பாதியாக மடித்து மீண்டும் பாதியாக மடிப்பதை ஒரே செயலாகக் கொண்டு, அதற்கு நான்மடிப்பு என்று பெயர் வைத்தோம். ஒரு நான்மடிப்புக்கு ஏடுகள் நான்கு மடங்காகும். அதாவது அடிமானம் 4. 64 ஏட்டுக்கு மூன்று நான்மடிப்பு, ஆகவே log₄ 64 = 3. சரி, 8 ஏட்டுக்கு எத்தனை நான்மடிப்பு? ஒரு நான்மடிப்பில் 4 வரும், இரண்டில் 16 வந்துவிடும். செல்வி தாளை மடித்துப் பார்த்துவிட்டு, ஒரு நான்மடிப்பும் அதற்குப் பின் ஒரு பாதி மடிப்பும் என்றாள். பாதி மடிப்பு என்பது நான்மடிப்பில் சரிபாதி வேலை. ஆகவே log₄ 8 = 1.5. தசமத்தில் வந்த இந்த விடை கற்பனை அன்று, கையில் இருந்தது.

இன்னொன்றும் அங்கே தெரிந்தது. 4-க்கும் 16-க்கும் நடுவில் இருக்கும் எண் 10. ஆனால் ஒன்றரை மடிப்பில் வந்தது 10 இல்லை, 8. மடிப்பில் நடுவழி என்பது ஏட்டில் நடுவழி அன்று. ஓர் எண் 4-லிருந்து எத்தனை மடங்கோ, அந்த எண்ணிலிருந்து 16-உம் அத்தனை மடங்காக இருந்தால், அதுதான் மடிப்பின் நடுவழி.

இதைச் சொன்ன பிறகும் பழக்கம் விடவில்லை. பாதி மடிப்புக்கே திரும்பி, 12 ஏட்டுக்கு எத்தனை மடிப்பு என்று கேட்டதும், 8-க்கு 3, 16-க்கு 4, 12 நடுவில் இருக்கிறது, ஆகவே 3.5 என்று சொல்லிவிட்டு, சொன்ன வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். தவறு என்று தெரிந்துவிட்டது; எவ்வளவு தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு முறை செய்து பார்க்கலாம். 12-ஐ 12-ஆல் பெருக்கினால் 144. 12-க்கு மூன்றரை மடிப்பு என்றால் 144-க்கு ஏழு மடிப்பு ஆக வேண்டும். ஏழு மடிப்பில் வருவது 128 மட்டுமே. எனவே 12-க்கு மூன்றரையைவிடக் கொஞ்சம் கூடுதலாக மடிக்க வேண்டும்.

எவ்வளவு கூடுதல் என்பதற்கு அஞ்சல் உறை மடிப்பு உதவியது. கடிதத்தை நீண்ட உறைக்குள் வைப்பதற்காக மூன்றாக மடிப்போமே, அதை ஒரே செயலாகக் கொண்டு மும்மடிப்பு என்போம். ஏடுகள் மூன்று மடங்காகும். 12 என்பது 4 × 3. ஆகவே இரண்டு பாதி மடிப்பும் ஒரு மும்மடிப்பும் சேர்ந்தால் உண்மையாகவே 12 ஏடுள்ள தாள் கையில் வந்துவிடும். செல்வி அதைச் செய்தே காட்டினாள். மீதமிருக்கும் ஒரே கேள்வி, ஒரு மும்மடிப்பு எத்தனை பாதி மடிப்புக்குச் சமம் என்பது.

இரண்டு மும்மடிப்பில் 9 ஏடு. மூன்று பாதி மடிப்பில் 8 ஏடு. ஆகவே இரண்டு மும்மடிப்பு மூன்று பாதி மடிப்பைவிடச் சற்று அதிகம். ஒரு மும்மடிப்பு 1.5-ஐவிட அதிகம். ஐந்து மும்மடிப்பில் 243 ஏடு. எட்டுப் பாதி மடிப்பில் 256. ஆகவே ஐந்து மும்மடிப்பு எட்டுக்குச் சற்றுக் குறைவு, ஒன்று 1.6-ஐவிடக் குறைவு. விடை 1.5-க்கும் 1.6-க்கும் இடையில் சிக்கிக்கொண்டது. இன்னும் நெருக்க விரும்பினால், பன்னிரண்டு மும்மடிப்பில் 5,31,441 ஏடு, பத்தொன்பது பாதி மடிப்பில் 5,24,288 ஏடு. ஆகவே விடை 19 / 12, அதாவது 1.583-ஐவிடச் சிறிதளவே அதிகம். கால்குலேட்டர் 1.585 என்கிறது. அப்படியானால் log₂ 12 = 2 + 1.585 = 3.585. தசம மடிப்பு என்றால் தாளை அரைகுறையாக மடிப்பது என்று பொருளில்லை. ஒருவகை மடிப்பைப் பல முறை செய்து, அது இன்னொரு வகை மடிப்பில் எத்தனைக்கு ஈடு என்று பார்த்து, செய்த முறைகளால் வகுத்துக்கொள்வதுதான் அது.

வெவ்வேறு அடிமானத்தில் இப்படி எண்ணுவது நம் நாட்டுக்குப் புதிதும் அன்று. சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வீரசேனர் என்ற சமண அறிஞர், தவளா என்னும் தம் உரைநூலில், ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதை அர்த்தச்சேதம் என்ற பெயரால் குறித்து, அதற்கு விதிகளும் தந்திருக்கிறார். மூன்றாலும் நான்காலும் வகுத்துக்கொண்டே போகும் கணக்குக்கும் அவரிடம் தனித்தனிப் பெயர்கள் உண்டு. தாளைப் பிரித்து எண்ணிய செல்வியின் விரல்கள் செய்ததும் அதே வேலைதான். பெருக்கலைக் கூட்டலாக மாற்றித் தரும் அட்டவணையாக மடக்கையை 1614-இல் வெளியிட்டவர் ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர். அதைப் பத்தின் அடிமானத்துக்குக் கொண்டுவந்தவர் அவரோடு சேர்ந்து உழைத்த ஹென்றி பிரிக்ஸ்.

அந்தப் பத்துதான் பள்ளி அட்டவணையின் அடிமானம். விசிறி செய்வதற்கு மடிப்பது போலத் தாளை முன்னும் பின்னுமாகப் பத்து ஏடாக மடிப்பதை ஒரு பதின்மடிப்பு என்று கொண்டால், log₁₀ என்பது எத்தனை பதின்மடிப்பு என்ற கேள்வி. மூன்று பதின்மடிப்பில் 1,000 ஏடு. பத்துப் பாதி மடிப்பில் 1,024 ஏடு. இரண்டும் ஏறத்தாழ ஒன்று. பத்துப் பாதி மடிப்பு மூன்று பதின்மடிப்புக்கு ஈடு என்றால், ஒரு பாதி மடிப்பு என்பது 0.3 பதின்மடிப்பு, 1,024 சற்றே பெரியது என்பதால் 0.3-ஐவிடத் துளி அதிகம். அட்டவணையில் log 2-க்கு நேரே இருக்கும் 0.3010 இதுதான். இந்த எண்ணைச் செல்வி இயற்பியல் செய்முறை வகுப்பில் பலமுறை எடுத்து எழுதியிருக்கிறாள். அட்டவணையில் விரலை வைத்துக்கொண்டே, "இது ஒரு மடிப்பா!" என்றாள்.

அட்டவணையைத் திறந்ததும் அவளுடைய பழைய கணக்கையே மீண்டும் போட்டுப் பார்த்தோம். log₁₀ 64 = 1.8062; log₁₀ 8 = 0.9031, வகுத்தால் 2. நான்மடிப்பில் 3-ஐ 1.5-ஆல் வகுத்தாலும் 2. எந்த மடிப்பைக் கொண்டு அளந்தாலும் 64-க்கு வேண்டிய வேலை 8-க்கு வேண்டியதைப் போல இரண்டு பங்குதான், நிலத்தை அடியில் அளந்தாலும் மீட்டரில் அளந்தாலும் நீளம் அகலத்தைப் போல இரண்டு பங்கு என்பது மாறாதது போல. அடிமானத்தை மாற்றும் விதி என்று புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருப்பது இதைத்தான்: பதின்மடிப்பில் அளந்ததை, ஒரு பாதி மடிப்புக்கு உரிய 0.3010-ஆல் வகுத்தால் பாதி மடிப்பின் எண்ணிக்கை கிடைத்துவிடும்.

முடிவாக ஒரு கணக்கைக் கொடுத்து அனுப்பினேன். 0.1 மில்லிமீட்டர் கனமுள்ள தாளை எத்தனை முறை பாதியாக மடித்தால் அதன் உயரம் தொட்டபெட்டாவை எட்டும்? தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர்.

மறுநாள் அவள் நோட்டில் முதலில் log 2637 என்று எழுதி அடித்திருந்தது. மடக்கைக்குள் போக வேண்டியது மீட்டர் இல்லை, ஏடுகளின் எண்ணிக்கை என்று தானே கண்டுபிடித்திருக்கிறாள். 2,637 மீட்டரை 0.0001 மீட்டரால் வகுத்தால் 2,63,70,000 ஏடு. அட்டவணையின்படி அதன் மடக்கை 7.4211, அதாவது ஏழரைக்குச் சற்றுக் குறைந்த பதின்மடிப்பு. அதை 0.3010-ஆல் வகுக்க 24.65. ஆகவே 24 மடிப்பு போதாது, 25-ஆவது மடிப்பில் தாள் மலையைத் தாண்டிவிடும். சரிபார்த்தும் இருந்தாள்: 24 மடிப்பில் 1,67,77,216 ஏடு, உயரம் சுமார் 1,678 மீட்டர், 25 மடிப்பில் சுமார் 3,355 மீட்டர்.

அதற்குக் கீழே பென்சிலால் ஒரு குறிப்பு இருந்தது. 1,678-லிருந்து 3,355-க்கு ஏறும் வழியில் 2,637 என்பது நூற்றுக்கு 57 பங்கு தூரத்தில் இருக்கிறது, ஆனால் விடையில் 0.57 வராமல் 0.65 வந்திருக்கிறது என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, பிறகு அந்தக் கேள்விக்குறியை அடித்துவிட்டு, '12-க்கு 3.5 வராதது போல' என்று எழுதியிருந்தாள்.